டிக்கெட் மெசினும் காணாமல் போன ட்ரிப்பும்: நான்கு வருட அனுபவம்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு டிப்போவின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். கொண்டக்டர்மார் மாலையில் கொண்டுவரும் டிக்கெட் மெசின்களின் வசூல் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது நான்கு வருடமாக என் பொறுப்பு. மெசினில் எனக்குப் பெரிய குறை இல்லை. காலையில் அறிக்கையைத் திறந்தால் ஒரு ட்ரிப் இல்லாமல் இருப்பதுதான் தலைவலி.

ட்ரிப் இல்லை என்றவுடன் பஸ் ஓடவில்லை என்று எழுதிவிடக் கூடாது. டிக்கெட் இலக்கத்தைப் பாருங்கள். ஒரு ட்ரிப்பின் கடைசி இலக்கத்துக்கு அடுத்தது, அடுத்த ட்ரிப்பின் முதல் இலக்கமாக இருக்க வேண்டும். பஸ் உண்மையில் ஓடாவிட்டால் இலக்கம் அறுபடாது. அறுந்திருந்தால் டிக்கெட் வெட்டியிருக்கிறது, தகவல்தான் வரவில்லை.

படுவான்கரைப் பக்கம் வெல்லாவெளிக்கு ஓடிய ஒரு பஸ்ஸைச் சொல்கிறேன். அன்று நான்கு ட்ரிப். சேர்வரில் மூன்றுதான், 10,870 ரூபாய். காசாளரிடம் கட்டியதோ 13,750. இரண்டாவது ட்ரிப் 20518இல் முடிந்திருந்தது, அடுத்து வந்தது 20561இல் தொடங்கியது. நடுவில் 42 டிக்கெட் இல்லை. "காசு முழுக்கக் கட்டிட்டன் அக்கா, எப்படிக் குறையும்?" என்று கொண்டக்டர் தம்பி பதறிப்போனான். சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நனைந்த ட்ரிப் துண்டை எடுத்து விரித்தான். 42 டிக்கெட், 2,880 ரூபாய். கணக்கு சரி. ஆனால் துண்டின் மேலே திகதி 01/01/2000.

வெல்லாவெளியில் பற்றரி முழுக்க இறங்கி, சார்ஜ் போட்டு மெசினை மீண்டும் போட்டபோது கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விட்டது. அங்கே சிக்னல் இல்லாததால் நேரம் திருந்தவில்லை. களுவாஞ்சிகுடிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் திருந்தியது, அதனால் நான்காவது ட்ரிப் சரியான திகதியில் ஏறியது. மூன்றாவதும் ஏறித்தான் இருந்தது, 2000ஆம் ஆண்டுக் கணக்கில். அன்றைய அறிக்கையில் எப்படித் தெரியும்? அன்றிலிருந்து திகதியை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, மெசின் இலக்கத்தையும் ட்ரிப் இலக்கத்தையும் வைத்துத் தேடுகிறேன்.

அந்தத் துண்டு வெப்பத்தில் அச்சாகும் கடதாசி, சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அன்றே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். சேர்வர் பெற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை மெசினின் நினைவகத்தை யாரும் அழிக்க விடாதீர்கள்.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. டிக்கெட் வெட்டாமல் வாங்கிய காசை இலக்கம் காட்டாது. மெசின் பழுதாகிப் புத்தக டிக்கெட் கொடுத்தாலும் இலக்கம் அறுபடாது. அதற்குப் புத்தகத்தின் தொடக்க, முடிவு இலக்கங்களைத் தனியாக எழுத வேண்டும். பாதி நாளில் மெசினை மாற்றினால் இரண்டு மெசினின் கடைசி இலக்கங்களையும் பதிவேட்டில் எழுதிய பிறகே பழையதைத் திருத்தக் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது அது பெரும்பாலும் 1இலிருந்துதான் தொடங்குகிறது.