32 சேனலா, 128 சேனலா? பழைய கம்ப்யூட்டரில் எந்த ஆடியோ செட்டிங்கைக் குறைக்கலாம்

மன்னார்குடியில் இருக்கும் மாமா பையனுடைய கம்ப்யூட்டரில் இரண்டே கோர்தான், தனி கிராபிக்ஸ் கார்டும் கிடையாது. "அண்ணே, சவுண்ட் செட்டிங்கையெல்லாம் கீழ எறக்கிட்டா ஃப்ரேம் ஏறுமாண்ணே?" என்று கேட்டான். அவன் விளையாடும் துப்பாக்கி ஆட்டத்தின் ஆடியோ பக்கத்தில் மாற்றக்கூடியவை மூன்று: சேனல் எண்ணிக்கை, சாம்பிள் ரேட், எதிரொலி போன்ற எஃபெக்ட்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டு, சேனலை 128-லும் சாம்பிள் ரேட்டை 48000-லும் விட்டு, எஃபெக்ட்களை மட்டும் அணைத்துக் கொடுத்தேன். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. சேனலை 32-க்கு இறக்கிவிட்டு எதிரொலியை வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் செலவைப் பார்ப்போம். இங்கே சேனல் என்பது ஸ்பீக்கர் எண்ணிக்கை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் கலந்து ஒலிக்கலாம் என்பதற்கான வரம்பு. சாம்பிள் என்பது ஒலியில் ஒரு கணத்தின் அளவு. 128 ஒலிகள், நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் நொடிக்குச் சுமார் 61 லட்சம் சாம்பிள்களைக் கலக்க வேண்டும். ஒரு சாம்பிளுக்கு இருபது கட்டளை ஆகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 12 கோடி சொச்சம். 2.5 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றில் இது ஏறத்தாழ 5 சதவீதம். 32 சேனலுக்கு இறக்கினால் ஒன்றேகால் சதவீதம். மிச்சமாவது நாலு சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் எல்லா சேனலும் நிரம்பி ஒலிக்கும்போதுதான். ஆட்டம் அமைதியாக இருக்கும்போது இந்தச் செலவே கிடையாது. இந்தக் கலவை வேலை பெரும்பாலும் தனி த்ரெட்டில் ஓடுவதால், மிச்சமானது அப்படியே ஃப்ரேமாக மாறிவிடாது. கிராபிக்ஸ் பக்கம்தான் திணறுகிறது என்றால் சவுண்டில் கை வைத்துப் பயனே இல்லை.

இனி இழப்பு. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்து வெடிச்சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒன்றரை நொடி இழுவை இருந்தால், ஒரே துப்பாக்கி எந்நேரமும் பதினைந்து சேனலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர் தொடர்ந்து சுட்டால் 32-ல் முப்பது போச்சு. மீதி இரண்டு சேனலுக்கு உங்கள் காலடி, தோட்டா மாற்றும் சத்தம், பின்னணி இசை, முதுகுக்குப் பின்னால் வருபவனின் காலடி எல்லாம் போட்டி போட வேண்டும். வரம்பு நிரம்பினால் ஆட்டம் முன்னுரிமை குறைந்த ஒலியையோ தூரத்து ஒலியையோ பாதியில் வெட்டும், அல்லது புதிய ஒலியைத் தொடங்கவே தொடங்காது. மெல்லிய காலடிதான் முதல் பலி. பையனுடைய ஆட்டத்தில் இதை நேரடியாகவே கேட்க முடிந்தது: 32-ல் சண்டை சூடுபிடித்ததும் பக்கத்தில் ஓடுபவனின் காலடி நாலு எட்டு கேட்டுவிட்டு அறுந்துபோனது, 128-ல் கடைசிவரை கேட்டது. முன்னுரிமையை நன்றாக வகுத்திருக்கும் ஆட்டங்களில் 64-ஏ போதுமானதாக இருக்கலாம்.

இதையும் கரகரப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சத்தம் காணாமல் போனால் சேனல் போதவில்லை. சத்தம் படபடவென்று வெடித்து உடைந்தால் பிராசஸர் நேரத்துக்குக் கலந்து கொடுக்கவில்லை. கலந்த ஒலியைச் சேர்த்து வைக்கும் பஃபர் 48000-ல் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி நொடிக்குள் அடுத்த பங்கு தயாராக வேண்டும். அப்போது பஃபரைக் கூட்டுங்கள், அல்லது எஃபெக்ட்டைக் குறையுங்கள்.

சாம்பிள் ரேட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 22050-க்கு இறக்கினால் கலவைச் செலவு பாதியாகும், ஆனால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. சரளையில் மிதிக்கும் நறநறப்பு மங்கும். முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று காது கண்டுபிடிக்க உதவுவதில் ஒரு பகுதியும் அந்த உயர் அதிர்வுகளில்தான் இருக்கிறது. விண்டோஸில் `mmsys.cpl` திறந்து, ஸ்பீக்கரின் சாம்பிள் ரேட்டும் ஆட்டத்தின் சாம்பிள் ரேட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

எஃபெக்ட்களில் இரண்டு வகை உண்டு. எதிரொலியை வழக்கமாக எல்லா ஒலிக்கும் சேர்த்து ஒரே இடத்தில் போடுவார்கள். எத்தனை ஒலி வந்தாலும் செலவு ஏறக்குறைய அதேதான். ஹெட்போனில் திசை காட்டும் எச்ஆர்டிஎஃப் அப்படியல்ல, பல ஆட்டங்களில் ஒலிக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும். 128 புள்ளி வடிகட்டி, இரண்டு காது என்றால் ஒரு ஒலிக்கே நொடிக்கு 1.2 கோடிப் பெருக்கல். 32 ஒலிக்கு 39 கோடி. நாலு நாலாகச் சேர்த்துக் கணக்குப் போடும் கட்டளைகள் இருந்தாலும், இரண்டு கோர் இயந்திரத்தில் இது சேனல் செலவோடு சரிக்குச் சரி நிற்கும். நாலு கோர் இருந்து ஹெட்போனும் மாட்டுபவர் இதைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். மாமா பையன் மேஜை ஸ்பீக்கரில் விளையாடுகிறான், தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. ஹெட்போனுக்கென்று செய்த திசைக் கணக்கு அங்கே வீண். எதிரொலியோ அந்த இரைச்சலில் காலடியை இன்னும் மூடிவிடும். அதனால் இரண்டையும் அணைத்தேன். அவனுக்கு ஃப்ரேம் கூடியது ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிய பிறகுதான்.