கிரீஸா, ஆயிலா: ஒரே ஷாஃப்ட் வரிசையில் இரண்டையும் வைத்து ஓட்டிய அனுபவம்

நான் பராமரிக்கும் பம்ப் செட்டில் மோட்டார் பக்கம் 6309 என்ற அளவு எண் கொண்ட குண்டு பேரிங்குகள் கிரீஸில் ஓடுகின்றன, பம்ப் பக்கம் பேரிங் பெட்டிக்குள் ஆயில் நிற்கிறது. வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான், நிமிடத்துக்கு சுமார் 1450 சுற்று. பல வருடமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வருவதால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கிரீஸ் என்பதே பெரும்பாலும் ஆயில்தான். நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பங்கு வரை சாதாரண லூப்ரிகேட்டிங் ஆயில், மீதியில் பெரும்பகுதி அதைக் கெட்டியாக்கும் பொருள், அதைத்தான் திக்கனர் என்கிறார்கள். லித்தியம் கிரீஸில் அது ஒரு வகை சோப். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொடிப்பொடி இழைகளாகச் சிக்கிக் கிடக்கும், அந்த இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய சந்துகளில் ஆயில் பிடிபட்டு நிற்கும். விளக்குத் திரியில் எண்ணெய் நிற்பது போலத்தான், எரிவது எண்ணெய், திரி அதைத் தாங்கி வைத்துக் கொடுக்கிறது.

புது கிரீஸ் போட்டு மோட்டாரை ஓட்டினால் முதல் சில மணி நேரம் பேரிங் சூடு ஏறும், அப்புறம் தானாக இறங்கி ஒரு நிலைக்கு வரும். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. உள்ளே நடப்பது என்னவென்றால், குண்டுகள் ஓடும் பாதையில் இருந்த கிரீஸில் பெரும்பகுதி இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளப்படுகிறது, குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கேஜிலும் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அதன் பிறகு அது கலங்குவதில்லை, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் கசியவிடுகிறது. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே படலமாக இருந்து வேலை செய்வது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். டப்பாவைத் திறந்ததும் மேலே கொஞ்சம் ஆயில் மிதந்தால் கிரீஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. கொஞ்சமும் கசியாத கிரீஸ்தான் எனக்குக் கவலை.

இதனால்தான் கிரீஸை அமுக்கி நிரப்பக் கூடாது. ஒதுங்க இடம் இல்லையென்றால் அது பாதையிலேயே கிடந்து கடையப்படும், சூடு இறங்கவே இறங்காது. மறுபடி கிரீஸ் வைக்க நான் பயன்படுத்தும் கணக்கு, பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி அதை 0.005-ஆல் பெருக்குவது, விடை கிராமில் வரும். 6309-க்கு வெளிவிட்டம் 100, அகலம் 25, ஆக 12.5 கிராம். உங்கள் கிரீஸ் கன்னில் பத்து அடி அடித்துத் தராசில் வைத்துப் பாருங்கள், ஒரு அடிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும், கன்னுக்குக் கன் அது மாறும். அடிக்கும்போது வடிகால் பிளக் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் பழைய கிரீஸ் மோட்டார் உள்ளே சுருள் பக்கம் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம், திக்கனரைக் கலப்பது. எங்கள் மோட்டார் ஒன்றில் இருந்தது பாலியூரியா கிரீஸ், அதில் சோப்புக்குப் பதில் பாலியூரியாதான் திக்கனர், ஷிப்டில் ஒருவர் கையில் கிடைத்த லித்தியம் கிரீஸை அதன் மேலேயே அடித்துவிட்டார். கெட்டித்தன்மை அளவில் இரண்டுமே என்.எல்.ஜி.ஐ 2, கையில் எடுத்தால் ஒரே கெட்டி. சில வாரத்தில் சீல் ஓரமாக மோர் போல ஒழுக ஆரம்பித்தது, அப்புறம் பேரிங்கில் உலர்ந்த சத்தம். கழற்றிப் பார்த்தபோது பாதையில் ஆயிலே இல்லை. இரண்டு வகை இழைகளும் ஒத்துப் போகாதபோது பின்னல் குலைந்து, பிடித்து வைத்த ஆயிலைக் கைவிட்டுவிடுகிறது. எல்லா லித்தியமும் எல்லா பாலியூரியாவும் இப்படித்தான் ஆகும் என்று இல்லை, ஆனால் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தராதவரை நான் கலக்க மாட்டேன், பழையதை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் புதியது.

சரி, ஆயில் பக்கம். நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டம் கீழேயுள்ள குண்டின் நடுவரை நிற்க வேண்டும், சைட் கிளாஸில் பார்த்தாலே போதும். நிறம் கருத்தாலும், தண்ணீர் கலந்து பால் போல ஆனாலும் கண்ணுக்குத் தெரியும், வடித்துவிட்டு மாற்றலாம். சூட்டையும் தேய்மானத் துகளையும் ஆயில் எடுத்துப் போகும், கிரீஸால் அது முடியாது. ஆனால் சீல் விட்டால் ஒரே இரவில் காலி. மாதக்கணக்கில் நிற்கும் ஸ்டாண்ட்பை பம்பில் மேல் குண்டுகளிலிருந்து ஆயில் வடிந்து துரு பிடித்ததையும் பார்த்திருக்கிறேன், கிரீஸ் இருந்தால் அங்கேயே ஒட்டி நின்றிருக்கும்.

எனவே தூசியும் நீண்ட ஓய்வும் உள்ள மோட்டாருக்கு கிரீஸ்தான் என் தேர்வு. சூடான திரவம் ஓடும் பம்பிலும், வேகம் மிக அதிகமான இடத்திலும் ஆயிலை விட்டு மாற மாட்டேன். கிரீஸ் பேரிங் 70 டிகிரியைத் தாண்டி ஓடினால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் மறுகிரீஸ் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.