முன்வைப்புத் தொகையால் டெண்டர் தள்ளுபடி: மேல்முறையீடா, ரிட் மனுவா?

டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையில் குறை என்று டெண்டரைத் தள்ளினால் இரண்டு வழி உண்டு: மேல்முறையீடு, அல்லது அதிகாரியின் முடிவை ஆராயும்படி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. தமிழ்நாட்டில் டெண்டரை ஏற்கும் அதிகாரியின் உத்தரவை எதிர்த்து, 1998ஆம் ஆண்டு டெண்டர் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஆவணங்களை மறுபடி பார்க்கச் சொல்ல இதுவே தோது.

உயர் நீதிமன்ற ரிட் வேறு மாதிரி. முடிவு சரியா என்பதைவிட, எடுத்த முறை நியாயமா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். மேல்முறையீடு இருக்க ஏன் வந்தீர்கள் என்ற கேள்வியும் வரும்.

போதார் ஸ்டீல் வழக்கில் (1991) முன்வைப்புத் தொகைக்கு ஸ்டேட் வங்கி டிராஃப்டுக்குப் பதில் வேறு வங்கிக் காசோலை தந்தவரை அதிகாரி ஏற்றது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அது அதிகாரிக்குள்ள தளர்வு. நாம் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் அதே குறையோடு இன்னொருவரை ஏற்றிருந்தால், ரிட்டுக்கு நல்ல பிடி.