எங்கள் கைத்தறிக் கடையின் பெயரில் போலிப் பக்கம்: காசு போடுமுன் இதைப் படியுங்கள்

மருதமுனையில் நாங்கள் நெய்யும் சாரிகளின் படங்களைத் திருடி, எங்கள் கடைப் பெயரிலேயே முகநூல் பக்கம் திறந்து ஒருவர் காசு வாங்கியிருக்கிறார். அந்தப் பக்கம் இப்போது இல்லை. ஆனாலும் அதே ஆள் வேறு பெயரில் வரக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்து, "தங்கச்சி, 8,500 ரூபா போட்டுப் பத்து நாளாச்சு, சாரி இன்னும் வரல்லியே" என்றார். எங்கள் கணக்கில் அப்படி ஒரு காசு வரவே இல்லை. பக்கத்தைத் தேடினால் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என்னை அவர்கள் முதலிலேயே பிளாக் பண்ணியிருந்தார்கள். ராத்தாவின் போனில் பார்த்தபோதுதான் வாப்பா தறியில் இருக்கும் படம் வரை அங்கே கிடந்தது. பக்கத்தின் விவரப் பகுதியில் அது தொடங்கிய திகதியும் பழைய பெயர்களும் தெரியும். அது முன்பு போன் கவர் விற்ற பக்கம், மூன்று வாரத்துக்கு முன்தான் எங்கள் பெயருக்கு மாறியிருந்தது. வாங்குபவர்கள் காசு போடுமுன் அந்த இடத்தைப் பார்த்தாலே பாதிப் பேர் தப்பிவிடலாம்.

நான் செய்த முதல் பிழை, ஆத்திரத்தில் 'போலிப் பக்கம்' என்று ரிப்போர்ட் பண்ணி, சொந்தக்காரர் இருபது பேரையும் பண்ண வைத்தது. விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருந்தால் எது அசல் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை பேர் சொன்னாலும் ஆதாரம் கூடுவதில்லை. அடுத்து வணிகக்குறி முறைப்பாட்டுப் படிவத்தைத் திறந்தேன், அது பதிவு இலக்கம் கேட்டது. பிரதேச செயலகத்தில் பதிந்த வணிகப் பெயர் எங்களிடம் உண்டு. ஆனால் வணிகப் பெயர் வேறு, வணிகக்குறி வேறு. வணிகக்குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். நாங்கள் பதியவில்லை.

கடைசியில் வழிவிட்டது பதிப்புரிமைதான். படம் எடுத்தவருக்கு அதன் பதிப்புரிமை தானாகவே உண்டு, எங்கும் பதியத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காக்கிறது. முகநூலின் பதிப்புரிமைப் படிவத்தில் பக்கத்தின் முகவரியை மட்டும் போட்டால் போதாது. திருடிய ஒவ்வொரு படத்தின் இணைப்பையும், அதே படம் எங்கள் பக்கத்தில் முதலில் வந்த இணைப்பையும் சோடி சோடியாகக் கொடுத்தேன். முகப்புப் படம், அட்டைப் படம் உட்பட 14. "இவை என் போனில் நான் எடுத்தவை, மூலக் கோப்புகள் என்னிடம் உள்ளன, பயன்படுத்த நான் அனுமதி கொடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். கல்யாண வீட்டில் ஸ்டூடியோக்காரர் எடுத்த மூன்று படங்களை விட்டுவிட்டேன். அவற்றில் இருப்பது எங்கள் சாரிதான், ஆனால் உரிமை அவருடையது. அந்தப் படிவத்தில் சத்தியமாக உறுதி கொடுக்கிறோம், பொய் சொன்னால் நமக்கே வினை. இன்னொன்று: நம் பெயரும் மின்னஞ்சலும் அந்த ஆளுக்குப் போகும். அதனால் கடையின் மின்னஞ்சலைக் கொடுங்கள், வீட்டு விவரம் வேண்டாம்.

இரண்டு நாளில் படங்கள் போய்விட்டன. அவர்கள் திரும்பவும் எங்கள் படங்களைப் போட, நான் திரும்பவும் முறையிட, பக்கமே மூடப்பட்டது.

இதில் நான் சரியாகச் செய்த ஒன்று, நீக்கச் சொல்லுமுன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது. முகவரி வரி, திகதி, பக்கத்தின் எண் அடையாளம், வாட்ஸ்அப் இலக்கம், காசு கேட்ட வங்கிக் கணக்கு, ஆசிரியையுடன் நடந்த உரையாடல் எல்லாம் அதில் இருந்தன. பக்கம் போனால் இவையும் போய்விடும். பக்கத்தின் பெயரை மாற்றலாம், எண் மாறாது.

அவற்றை அச்செடுத்து ஆசிரியையுடன் பொலிசுக்குப் போனேன். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவில் வருகிறது. காசை இழந்தவர் அவர் என்பதால் மோசடி முறைப்பாடு அவர் பெயரில் போனது. கடைப் பெயரைக் காட்டி வாடிக்கையாளரைக் குழப்பியதை நான் தனியாக எழுதிக் கொடுத்தேன். புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு அதை நேர்மையற்ற போட்டி என்கிறது, அதற்கு வணிகக்குறிப் பதிவு தேவையில்லை. ஆனால் அது வழக்காடிப் பெற வேண்டிய நிவாரணம். பொலிஸ் தேடுவது ஏமாற்றிய ஆளைத்தான்.

ஆசிரியையின் காசு இன்னும் திரும்பவில்லை. அந்தப் பக்கத்துக்கு நீங்களும் காசு போட்டிருந்தால், வைப்புச் சிட்டையுடன் முதலில் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு உங்கள் ஊர்ப் பொலிசில் முறையிடுங்கள். எனக்கும் செய்தி அனுப்புங்கள். எங்கள் முறைப்பாட்டு இலக்கத்தைத் தருகிறேன், உங்களுடையதையும் அதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.