முன்பணமா, வரம்புப் பில்லா? சின்னக் கடையின் கூகுள் விளம்பரக் கணக்கு

கடலூரிலிருந்து பண்ருட்டி முந்திரியை ஆன்லைனில் விற்கும் எங்கள் கடையில், கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்ட முன்பண முறையைத்தான் தேர்ந்தெடுத்தோம். தானியங்கி முறையில், செலவு ஒரு வரம்பைத் தொட்டதும் கார்டில் பணம் எடுக்கப்படும். வரம்பைத் தொடாவிட்டாலும் 1ஆம் தேதி எடுத்துவிடுவார்கள். முன்பணத்தில் இருப்பு தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும். தீபாவளி சீசனில் அப்படி நிற்பது பெரிய இழப்பு. அந்த ஒன்றில் தானியங்கி முறைக்கே என் ஓட்டு.

மற்றபடி என் முடிவுக்குக் காரணம் மாதக் கடைசிக் கணக்குதான். வரம்பு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன்). ஜூன் 1 அன்று 3,100 போகிறது, ஆனால் அது மே மாதச் செலவு. 11, 22 தேதிகளில் தலா 8,000. மீதி 4,600 போவது ஜூலை 1 அன்று. வங்கிக் கணக்கில் ஜூனுக்கு 19,100 தெரியும்; ஜூனில் உண்மையில் ஓடிய விளம்பரம் 20,600. வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து கேம்பெய்னுக்குச் செலவைப் பிரித்தால் இங்கேதான் இடிக்கும்.

முன்பணத்தில் 29,500 கட்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி போக 25,000 விளம்பரத்துக்கு. ஜூன் செலவு 20,600, இருப்பு 4,400. ஒரே கழித்தலில் சரிபார்த்துவிடலாம். சின்ன வித்தியாசம் வந்தால், செல்லாத கிளிக்குகளுக்கு கூகுள் வரவு வைத்த தொகையை முதலில் பாருங்கள். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க, பணம் கட்டிய ரசீது போதாது. ஜிஎஸ்டி எண்ணோடு வரும் மாத இன்வாய்ஸ் வேண்டும்.

அப்புறம் ஆர்டர்களைப் பொருத்துவது. இரண்டு முறைக்கும் இது பொது. எந்த கேம்பெய்னிலிருந்து வந்தது என்று காட்ட விளம்பர லிங்கில் சேர்க்கும் utm_campaign, ஒவ்வொரு ஆர்டரிலும் பதிவாகும்படி வைத்திருக்கிறோம். முழு முந்திரி கேம்பெய்னுக்கு 13,400 செலவு, 67 ஆர்டர்: ஆர்டருக்கு 200 ரூபாய். மசாலா முந்திரிக்கு 7,200 செலவு, 32 ஆர்டர்: 225. முழு முந்திரிதான் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் 17 பார்சல் திரும்பி வந்து 50 ஆர்டர்தான் நின்றது என்றால், ஆர்டருக்கு 268 ஆகிவிடும். மசாலாவில் இரண்டே திரும்பினால் 240தான். வரிசையே தலைகீழ்!

இன்னொன்று: கூகுள் ஆர்டரை கிளிக் நடந்த நாளில்தான் பதிவு செய்யும். ஜூன் 30 கிளிக்கில் ஜூலை 2 அன்று வந்த ஆர்டர், ஜூன் கணக்கில் ஏறும். அதனால் 1ஆம் தேதி ரிப்போர்ட்டை எடுத்து முடிவு செய்யாதீர்கள். திரும்பும் பார்சல்களும் வந்து சேரட்டும் என்று நாங்கள் அடுத்த மாத நடுவில்தான் எடுக்கிறோம். எங்களுடையது மாதம் இருபது முப்பதாயிரம் ஓடும் கடை. லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கு முன்பணம் ஒத்துவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.