கட்டம் போட்ட நோட்டா, அட்டையும் சணலுமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முகப்பில் சாயங்காலம் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றளவைக் கேட்டால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவார்கள், பரப்பளவைக் கேட்டால் நாலு பக்கத்தையும் கூட்டுவார்கள். கட்டம் போட்ட நோட்டு, அட்டையும் சணலும் என இரண்டு வழியிலும் நடத்திப் பார்த்துவிட்டேன். நோட்டு மலிவு, எல்லாரிடமும் இருக்கிறது. ஆனாலும் நான் இப்போது அட்டைக் கட்சி.

காரணம் ஒன்றுதான். நோட்டில் இரண்டு அளவுக்கும் கண்ணில் படுவது அதே கட்டம். 5க்கு 3 செவ்வகத்தின் சுற்றளவைக் கேட்டதும், ஒரு பெண் ஓரக் கட்டங்களை எண்ணி 12 என்றாள். விடை 16. மூலையில் இருப்பது ஒரு கட்டம், ஆனால் அதற்கு வெளிப்பக்கம் இரண்டு விளிம்பு. மூலைக்கு ஒன்றாக நாலு விட்டுப்போனது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓர வரிசையை எண்ணி விளையாடும் பிள்ளை வேறென்ன செய்யும்?

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 செ.மீ. சதுரங்களாக ஆளுக்கு 16 வெட்டினேன். பிள்ளைகள் அதையும் 'கல்' என்றே சொல்கிறார்கள். சணலை 90 செ.மீ. வெட்டி, முடிச்சுப் போட்டபின் சுற்று சரியாக 80 செ.மீ. வரும்படி பார்த்துக்கொண்டேன். அதாவது 16 கல் விளிம்பு. மூலைகளை விரலால் அழுத்திச் செவ்வகமாக்கி உள்ளே கல்லை நிரப்பினால், 7க்கு 1 வைத்தபோது 7 கல், 6க்கு 2 வைத்தபோது 12, 5க்கு 3 என்றால் 15, சதுரமாக்கினால் 16. சணல் மாறவே இல்லை.

அப்புறம் திருப்பிச் செய்தோம். கல் 12 மட்டும். 4க்கு 3 அடுக்கினால் சணல் 10 செ.மீ. தொங்குகிறது, 6க்கு 2 கச்சிதம். ஒரே வரிசையாக 12 வைத்தால் 130 செ.மீ. வேண்டும். "கல்லு அதேதானே டீச்சர், கயிறு ஏன் பத்தல?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வி நோட்டில் ஒருநாளும் வந்ததில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. முதலில் உல்லன் நூல் எடுத்தேன். இழுத்த இழுப்புக்கு நீண்டு, ஒரு கல் கூடுதலாகப் போயிற்று. அட்டை கோணலாக வெட்டுப்பட்டாலும் கணக்கு இடிக்கும். ஐந்து கல்லை ஒட்டி அடுக்கி அளந்தால் 25 செ.மீ. வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

என்னிடம் வருவது எட்டுப் பிள்ளைகள். நாற்பது பேர் வகுப்பில் இது எடுபடுமா என்று சொல்லத் தெரியவில்லை. முக்கோணத்துக்கு முயன்றதில்லை. வாய்பாட்டுக்கு வந்தபின் நோட்டுதான் வசதி. இப்போது அந்தப் பெண் நோட்டில் சுற்றளவு எண்ணும்போது மூலைக்கு வந்தால் பென்சிலை இரண்டு தடவை வைக்கிறாள்.