பரிசு வவுச்சரா, வெகுமதிப் புள்ளியா: பயன்படுத்தாத பணம் எங்கே போகிறது?

இரண்டுமே கடைக்காரரின் ஏட்டில் கடன்தான். ஆனால் பயன்படாமல் போகும் பகுதியை, வருமானத்தை எப்போது எவ்வளவு பதிவது என்று சொல்லும் பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் கணக்கிடச் சொல்கிறது.

ஒரு கடை 1,00,000-க்கு வவுச்சர் விற்றால் அன்று வருமானம் எதுவுமில்லை, முழுத்தொகையும் பொறுப்பு, அதாவது கடன். 10 சதவீதம் திரும்பி வராது என்பதற்கு முந்தைய பதிவுகள் ஆதாரமாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் 90,000-இல் பாதியான 45,000-க்குப் பொருள் வாங்கியதும், வராத 10,000-இலும் பாதியைச் சேர்த்து 50,000 வருமானமாகும். ஆதாரமில்லாத புதிய கடை இப்படிச் செய்யக் கூடாது. இனி யாரும் வரமாட்டார்கள் என்பது ஏறக்குறைய உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். உரிமை கோராத பணத்தை அரசிடம் செலுத்தச் சொல்லும் சட்டம் இருந்தால், அது ஒருபோதும் வருமானமாகாது. என் பார்வையில் இதுவே மிக நியாயமான விதி.

புள்ளிகளுக்கு வாடிக்கையாளர் தனியாகப் பணம் தருவதில்லை. அதனால் விற்பனைத் தொகையையே பிரிக்க வேண்டும். 1,00,000 விற்பனைக்கு 10,000 மதிப்புள்ள புள்ளிகள் தந்து, 80 சதவீதமே பயன்படும் என மதிப்பிட்டால், புள்ளிகளின் விலை 8,000. மொத்தம் 1,08,000 என்ற விகிதத்தில் பிரித்தால் பொறுப்பு 7,407. பயன்படாத பங்கு தொடக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான். 4,000 மதிப்புள்ள புள்ளிகள் பயன்பட்டபின், மொத்தம் பயன்படும் என்ற மதிப்பீடு 8,000-இலிருந்து 9,000 ஆக உயர்ந்தால், அதுவரையிலான வருமானம் 3,704 அல்ல, 3,292. மதிப்பீட்டைக் குறைத்தால் வருமானம் கூடும். அதனால் ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்துகொண்டே போனால், காரணத்தைக் கேட்டுவிட வேண்டும்.